நான்கு விளிம்பும் கட்டுண்ட தகடு

திருப்பூரில் நொய்யல் ஆற்றங்கரைப் பக்கமாகச் செல்வோர், சாயப்பட்டறை ஒன்றின் அருகே சற்று நின்றால் ஒரு விந்தையான ஓசையைக் கேட்கலாம். பனியன் துணியைச் சாயமிடும் பெரிய எஃகுத் தொட்டியில் நீராவி செலுத்தப்படுகிறது. நீர் சூடேறிச் சிறிது நேரம் ஆனதும் தொட்டியின் பக்கத் தகடு 'டப்' என்று ஒலிக்கிறது. மாலையில் தொட்டி ஆறும்பொழுதும் அதே ஒலி. பட்டறையில் பழகியவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அந்த ஒலியில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. அதைத்தான் இன்று காண்போம்.

முதலில் புகைவண்டிப் பாதையை எண்ணிப் பாருங்கள். தண்டவாளம் வெயிலில் நீளுகிறது. இரு முனைகளையும் அசையாமல் இறுக்கிவிட்டால் அது நீள இயலாது. நீள விரும்பிய அளவுக்கு அழுத்தப்படுகிறது. வெப்ப விரிவுக் குணகம் α, வெப்பநிலை உயர்வு ΔT, யங் குணகம் E எனில், தண்டவாளத்தில் எழும் தகைவு EαΔT ஆகும். இது ஒரே திசையில் கட்டுண்ட பொருளின் கதை. பக்கவாட்டில் தண்டவாளம் தன் விருப்பம்போல் பருக்கலாம்; தடுப்பார் இல்லை.

சாயத் தொட்டியின் பக்கத் தகடு அப்படியன்று. நான்கு விளிம்புகளிலும் அது கனத்த சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. நீளவாக்கிலும் விரிய வழியில்லை, அகலவாக்கிலும் வழியில்லை. இங்கே ஒரு திசையில் உண்டாகும் அழுத்தம் மற்றத் திசையையும் பாதிக்கிறது. ரப்பர்த் துண்டு ஒன்றை மேலும் கீழும் அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்குவதை அறிவீர்கள். எஃகும் அவ்வாறே பிதுங்கும். பிதுங்கும் பங்கைக் குறிப்பதே பாய்சான் விகிதம், ν. எஃகுக்கு அது ஏறத்தாழ 0.3.

ஆகவே x திசையில் தகட்டின் திரிபை எழுதும்போது மூன்று உறுப்புகள் வருகின்றன: அத்திசையின் தகைவால் வருவது, குறுக்குத் திசையின் தகைவால் வருவது, வெப்பத்தால் வருவது.

εx = (σx − νσy)/E + αΔT

y திசைக்கும் இதே வடிவம். σx, σy இடம் மாறி நிற்கும். தகடு எத்திசையிலும் விரியவில்லையாதலால் இரு திரிபுகளும் சுழி. இரு திசைகளுக்கும் வேறுபாடு இல்லையாதலால் இரு தகைவுகளும் சமம். அவற்றை σ என்று எழுதிச் சமன்பாட்டைத் தீர்த்தால் கிடைப்பது:

σ = −EαΔT/(1−ν)

கழித்தல் குறி அழுத்தத்தைக் காட்டுகிறது. கீழே நிற்கும் (1−ν) என்பதுதான் இந்தப் பேச்சின் உயிர்நாடி. அதன் மதிப்பு 0.7; ஆதலால் தகைவு தண்டவாளத்தில் உள்ளதைப்போல் 1.43 மடங்காகிறது. காரணம் எளிது. x திசையில் அழுத்தப்படும் தகடு y திசையில் பிதுங்கப் பார்க்கிறது. அதையும் சட்டம் தடுக்கிறது. வெப்பத்தின் விரிவோடு அண்டைத் திசையின் பிதுக்கமும் சேர்ந்துகொள்கிறது.

எண்களை இட்டுப் பார்ப்போம். காலையில் 30 டிகிரியில் இருந்த தொட்டியில் 80 டிகிரியில் சாயமேற்றுகிறார்கள் என்க. உயர்வு 50 டிகிரி. துருப்பிடிக்காத எஃகுக்கு E சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன். α ஏறத்தாழ 0.000017. தண்டவாளக் கணக்கின்படி தகைவு 170 நியூட்டன். இவ்வகை எஃகு மீளாமல் இளகத் தொடங்கும் எல்லை சுமார் 205. எனவே அச்சமில்லை என்று தோன்றும். தகட்டுக் கணக்கின்படியோ 243. எல்லை கடந்துவிட்டது! குறுக்குத் திசையை மறந்த மாணவன் ஆபத்தான விடையைப் பாதுகாப்பான விடை என்று நம்பியிருப்பான்.

அப்படியானால் தொட்டிகள் யாவும் முதல் நாளே கெட்டுப்போக வேண்டுமே, ஏன் கெடவில்லை? தகடு மெல்லியதாக இருப்பதால்தான். காகிதத்தை மேசைமேல் வைத்து இரு ஓரங்களையும் உள்நோக்கித் தள்ளினால் அது நசுங்குவதில்லை. நடுவே எழும்பி நெளிகிறது. தகடும் அதையே செய்கிறது. பக்கம் b, தடிப்பு t உடைய சதுரத் தகடு, நான்கு விளிம்பும் இறுகக் கட்டுண்டிருந்தால், நெளியத் தொடங்கும் வெப்பநிலை உயர்வு ஏறத்தாழ 3.4(t/b)²/α. இதில் E இல்லாதது கவனிக்கத்தக்கது. வலிய உலோகமாயினும் மெலிந்த உலோகமாயினும், விரிவுக் குணகமும் வடிவமுமே நெளியும் வெப்பநிலையை நிர்ணயிக்கின்றன.

நம் தகடு 500 மில்லிமீட்டர்ச் சதுரம், 2 மில்லிமீட்டர் தடிப்பு எனில், விடை மூன்றே டிகிரி! நீர் 33 டிகிரியைச் சற்றே தாண்டியதுமே தகடு சமதளமாக இருக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. 80 டிகிரியை அடையும்பொழுது நடுப்பகுதி எவ்வளவு புடைத்திருக்கும்? தகட்டின் குறுக்கே ஒரு பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டால், அது நீள விரும்புவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவே. ஆனால் அந்தச் சிறு நீட்சியைத் தன்னுள் அடக்க அது நடுவில் சுமார் 9 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும். முழுத் தகட்டின் கணக்கு இதைவிடச் சிக்கலானதெனினும், விடை ஒரு சென்டிமீட்டரை ஒட்டியதாகவே இருக்கும். குளிர்ந்த நிலையில் தகடு சற்று உட்குழிந்திருந்தால், சூடேறுகையில் நீரின் அழுத்தம் அதை வெளிப்புறமாகத் திடீரெனத் தள்ளும். அந்தத் தாவலே நாம் கேட்ட 'டப்' ஓசை.

இனித் தகைவு தீர்ந்துவிட்டதா? இல்லை, இடம் மாறிவிட்டது. புடைத்த தகடு விளிம்பிலே சட்டத்தோடு நேராக நிற்கக் கட்டாயப்படுத்தப்படுகிறது. ஆதலால் விளிம்பருகே அது எதிர்த் திசையில் வளைகிறது. அதே பட்டைக் கணக்கின்படி, விளிம்பில் வளைவுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 160 நியூட்டனை ஒட்டி வருகிறது. தகடு வெளிப்புறம் புடைத்திருப்பதால், விளிம்பில் இழுக்கப்படுவது உட்புற முகம். உட்புறத்தில் இருப்பதோ உப்புக் கலந்த சுடுநீர். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். உப்பின் குளோரைடோ, 60 டிகிரிக்கு மேல், இழுவிசையில் நிற்கும் துருப்பிடிக்காத எஃகில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கவல்லது. பற்றவைப்பு ஏற்கெனவே எஞ்சிய தகைவை விட்டுச் சென்ற இடமும் அதுவே. ஒவ்வொரு சாயமேற்றலும் ஒரு முறை வளைத்து நிமிர்த்துகிறது. ஆகவே கசிவு தகட்டின் நடுவில் தோன்றுவது அரிது. பற்றவைப்பின் ஓரத்தில், விளிம்பின் நடுப்பகுதியில் தோன்றுவதே இயல்பு.

இக்கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. சட்டம் முற்றிலும் குளிர்ந்தும் அசையாமலும் இருப்பதாகக் கொண்டோம். உண்மையில் சட்டமும் ஓரளவு சூடேறும், சிறிது வளைந்தும் கொடுக்கும். ஆயினும் சட்டம் சாதாரண எஃகாலானது எனில், அதன் விரிவுக் குணகம் 0.000012 அளவே. இரண்டும் ஒன்றாக 80 டிகிரியை அடைந்தாலும், விரிவு வேறுபாடு சுமார் 15 டிகிரி உயர்வுக்கு நிகராகும். நெளிவுக்கு மூன்று டிகிரி போதுமே! தப்ப முடியாது.

தடிப்பை இரட்டித்தால் என்ன? நெளியும் எல்லை நான்கு மடங்காகிச் சுமார் 13 டிகிரியாகும். 50 டிகிரிக்கு அதுவும் போதாது. 10 மில்லிமீட்டர்த் தகடோ சுமார் 80 டிகிரி உயர்வுவரை நெளியாது. ஆனால் நெளியாதது முழுத் தகைவையும் சுமக்க வேண்டும். 42 டிகிரி உயர்விலேயே அது இளகத் தொடங்கும். தடிப்பைக் கூட்டுவது நோயை மாற்றுகிறதே தவிரத் தீர்க்கவில்லை. தீர்வு வேறு வழியில் உள்ளது. தகட்டில் முன்கூட்டியே மெல்லிய குவிவையோ மடிப்பு வரிகளையோ அழுத்திவிட்டால், அது எத்திசையில் புடைக்கும் என்பது உறுதியாகி, திடீர்த் தாவல் ஒழிகிறது. இயன்றால் தொட்டியையே உருளையாக்கி, விளிம்புகள் விரிய இடம் கொடுக்கலாம்.

சோதிப்பதும் கடினமன்று. தொட்டி குளிர்ந்திருக்கையிலும் சூடேறியிருக்கையிலும் தகட்டின் குறுக்கே நேர்கோல் ஒன்றை வைத்து இடைவெளியை அளவுங்கள். பின்பு தொட்டியைக் காலிசெய்து, பற்றவைப்பின் உட்புற ஓரத்தைத் துடைத்து, ஊடுருவும் சிவப்புச் சாயத்தைத் தடவி, மீண்டும் துடைத்து, வெண்பொடி தூவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் பொடியின்மேல் மெல்லிய சிவப்புக் கோடு எழும். துணிக்குச் சாயமிடும் பட்டறையில், தொட்டியின் குறையையும் ஒரு சாயமே காட்டிக்கொடுக்கிறது.