வேண்டாத வேலைக்கு எப்படிப் பதில் போடுவது?

திருக்கோகர்ணத்தில் வீட்டிலிருந்தபடியே ஜாவாவில் புரோகிராம் எழுதும் எனக்கு, சென்னை ரெக்ரூட்டர் ஒருவர் லிங்க்ட்இன் தளத்தில் இன்மெயில் அனுப்பியிருந்தார். டெஸ்டிங் வேலை, இரவு ஷிப்ட். எனக்கு அது ஒத்துவராது.

இதற்கெல்லாம் பதில் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். இன்மெயில் என்பது அவருக்குக் கட்டணச் சேவை. 90 நாட்களுக்குள் நீங்கள் பதில் போட்டால், அது 'வேண்டாம்' என்றாலும், செலவான கிரெடிட் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். (இது பலருக்கும் தெரியாது!)

நான் எழுதிய பதில் இவ்வளவுதான்: "தொடர்பு கொண்டதற்கு நன்றி. டெஸ்டிங் பிரிவுக்கு மாறும் எண்ணம் இல்லை. ஜாவா டெவலப்பர் வேலை, பகல் ஷிப்ட், வீட்டிலிருந்து செய்யலாம் என்றால் அவசியம் தெரிவியுங்கள். ஜூனுக்குப் பிறகு பேசலாம்."

"இப்போது பிஸி" என்று மட்டும் எழுதினால், அடுத்த மாதம் அதே டெஸ்டிங் வேலையோடு திரும்ப வருவார். எது வேண்டாம், எது வேண்டும், எப்போது என்ற மூன்றும் பதிலில் இருக்கட்டும். சம்பளம் பற்றி இப்போதே எழுத வேண்டியதில்லை.

மின்னஞ்சலில் வந்திருந்தால் புதிய மெயில் தொடங்காமல் Reply பட்டனையே அழுத்துங்கள். பிறகு அவர் உங்கள் பெயரைத் தேடும்போது பழைய உரையாடல் முழுதும் ஒரே இடத்தில் கிடைக்கும்.