வரி இல்லாத வருடத்தில்தான் கெடு முக்கியம்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கு விழுந்தது பெரிய அடி. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்கூட்டியே அட்வான்ஸ் வாங்கியிருந்தார்கள். கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு வந்ததும் பலர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பாத்திரக் கிடங்கின் வாடகை, வேன் தவணை, பரம்பரையாகக் கூடவே இருக்கும் சமையல்காரர்களுக்கான படி எதுவும் நிற்கவில்லை. அந்த வருடம் கையிலிருந்து போன பணம் போனதுதான். ஆனால் வருமான வரிச் சட்டம் அந்த நஷ்டத்துக்கு ஒரு மதிப்பு கொடுக்கிறது. பின்னால் லாபம் வரும்போது பழைய நஷ்டத்தை அதில் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வரி கட்டலாம். இதைக் கேட்டிருப்பவர்கள் நிறையப் பேர். இதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரே ஒரு நிபந்தனையைக் கேட்டிருப்பவர்கள் குறைவு.

கணக்கு புரிவதற்காக டெல்டா பக்கத்தில் இப்படி ஒரு சமையல் காண்ட்ராக்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்களும் உதாரணத்துக்காக நான் வைத்தவைதான். 2020-21 நிதியாண்டில் தொழிலில் அவருக்கு 9 லட்ச ரூபாய் நஷ்டம். இது போக வேன், ஜெனரேட்டர், அண்டா குண்டான்களுக்கான தேய்மானம் ஒன்றரை லட்சம். மாடியை வாடகைக்கு விட்டிருப்பதிலும் வங்கி வட்டியிலும் சேர்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்தபின் 2 லட்சம் வருமானம் இருக்கிறது.

சட்டம் முதலில் அதே வருடத்துக்குள்ளேயே கழிக்கச் சொல்கிறது. தொழில் நஷ்டத்தை வாடகை, வட்டி போன்ற மற்ற வருமானங்களில் கழிக்கலாம். சம்பளத்தில் மட்டும் கழிக்க முடியாது. ஆகவே 9 லட்சத்தில் 2 லட்சம் வாடகை, வட்டிக்கு எதிராகப் போய்விட, 7 லட்சம் மிஞ்சுகிறது. அந்த 2 லட்சத்துக்கு எப்படியும் வரி கிடையாதே, வரம்பு இரண்டரை லட்சம் ஆயிற்றே, நஷ்டத்தை ஏன் அதில் வீணாக்க வேண்டும் என்று அவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அந்த வருடத்து வருமானத்தில் கழித்தது போக மிஞ்சும் நஷ்டம்தான் அடுத்த வருடத்துக்கு நகரும். எந்த வருமானத்தில் கழிப்பது, எதை விடுவது என்று நாம் பொறுக்கி எடுக்க முடியாது.

இப்படி நகரும் 7 லட்சம், அடுத்த எட்டு மதிப்பீட்டு ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். 2020-21 நிதியாண்டின் மதிப்பீட்டு ஆண்டு 2021-22. அதிலிருந்து எட்டு எண்ணினால் 2029-30 வரை வருகிறது. ஆனால் வருடம் மாறியபின் அதன் கை குறுகிவிடுகிறது. முதல் வருடத்தில் வாடகையிலும் வட்டியிலும் கழிந்த அதே நஷ்டம், இனி தொழில் லாபத்தில் மட்டுமே கழியும். அதே தொழிலாக இருக்க வேண்டியதில்லை. சமையலை விட்டுவிட்டு மளிகைக் கடை வைத்தாலும் அந்தக் கடை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நஷ்டப்பட்டவரும் லாபம் பார்ப்பவரும் ஒரே நபராக இருக்க வேண்டும். மைத்துனரைச் சேர்த்துக்கொண்டு கூட்டு நிறுவனமாக மாற்றினால், தனி ஆளாகப் பட்ட நஷ்டம் அந்த நிறுவனத்தின் கணக்குக்குள் வராது. தகப்பனார் இறந்து மகன் வாரிசாகத் தொழிலைத் தொடர்ந்தால் மட்டும் சட்டம் இடம் கொடுக்கிறது.

ஒன்றரை லட்சம் தேய்மானம் தனிக் கணக்கு. அதற்கு எட்டு வருடக் கட்டுப்பாடு கிடையாது. தீரும்வரை நகர்ந்துகொண்டே போகும். லாபம் வரும்போது முதலில் பழைய தொழில் நஷ்டத்தைக் கழித்து, பிறகுதான் பழைய தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். காலாவதி ஆகக்கூடியது முன்னால் போவதால் இந்த வரிசை வரி கட்டுபவருக்குச் சாதகமானது.

அடுத்த வருடம், 2021-22, கொஞ்சம் வேலை வருகிறது. லாபம் 3 லட்சம். பழைய 7 லட்சத்தில் 3 லட்சம் இங்கே கழிந்து 4 லட்சம் மிஞ்சுகிறது. பழைய தேய்மானம் சம்பளம் தவிர்த்த மற்ற வருமானங்களிலும் கழியும் என்பதால், அந்த ஒன்றரை லட்சம் வாடகை, வட்டியில் கழிந்து தீர்ந்துவிடுகிறது. இந்த இடத்திலும் ஒரு மனக்குறை வரும். 3 லட்ச லாபமும் வாடகை, வட்டி 2 லட்சமும் சேர்ந்தால் 5 லட்சம். அதுவரை தள்ளுபடி இருப்பதால் நஷ்டத்தைத் தொடாமலேயே வரி பூஜ்யம்தான். இந்த வருடம் கழிக்காமல், பெரிய லாபம் வரும் வருடத்துக்கு எடுத்துவைத்தால் என்ன? முடியாது. லாபம் வரும் முதல் வருடத்திலேயே கழித்தாக வேண்டும். அப்போது கழிக்காமல் விட்டதைப் பிற்பாடு கேட்க முடியாது.

2022-23இல் மண்டபங்கள் நிறைகின்றன. லாபம் 9 லட்சம். அதில் பழைய நஷ்டம் 4 லட்சம் போக 5 லட்சம். வாடகை, வட்டி 2 லட்சத்தைச் சேர்த்தால் 7 லட்சம். வேறு கழிவுகள் எதுவும் இல்லை என்று வைத்து, பழைய வரி முறையில் செஸ் சேர்த்துக் கணக்கிட்டால் வரி 54,600 ரூபாய்.

இதே மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். நஷ்டத்தை அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், நஷ்டம் ஏற்பட்ட வருடத்தின் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஆம் பிரிவும் 139(3)ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. கெடு முடிந்தபின் தாமத ரிட்டர்ன் தாக்கல் செய்ய அனுமதி உண்டு. ஆனால் அதில் காட்டிய தொழில் நஷ்டம் அந்த வருடத்தோடு முடிந்துவிடும். அதே வருடத்து வாடகையில் கழித்தது செல்லும், நகர வேண்டிய 7 லட்சம்தான் போய்விடும். தேய்மானத்துக்கு இந்த நிபந்தனை இல்லாததால் அந்த ஒன்றரை லட்சம் பிழைத்துக்கொள்ளும்.

கொரோனா காரணமாக 2020-21க்கான கெடு, தணிக்கை தேவைப்படாத தனிநபர்களுக்கு 2021 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. அரசு நீட்டித்த தேதியும் கெடுவாகவே கணக்கில் வரும். நம் சமையல்காரர் அதையும் விட்டுவிட்டு ஜனவரியில் தாக்கல் செய்தார் என்று கொள்வோம். அடுத்த வருடம் 3 லட்ச லாபத்தில், பிழைத்த தேய்மானம் ஒன்றரை லட்சமும் கழிந்து தீர்ந்துவிடும். அந்த வருடம் எப்படியும் வரி கிடையாது என்பதால் அதுவும் பயனின்றிப் போகிறது. 2022-23இல் கழிக்க எதுவுமே இல்லை. 9 லட்சமும் 2 லட்சமும் சேர்ந்து 11 லட்சத்துக்கு வரி 1,48,200 ரூபாய். கெடுவைத் தவறவிட்டதன் விலை 93,600 ரூபாய்.

தாமதமான அன்று இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வருமானம் பூஜ்யம், அதனால் வரி இல்லை. வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருப்பதால் தாமதக் கட்டணமும் இல்லை. ரிட்டர்ன் ஏற்கப்பட்டதாக ரசீதும் வந்துவிடும். “வரியே இல்லாதபோது என்ன அவசரம், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்” என்று நினைப்பது மனித இயல்பு. கையில் காசில்லாத வருடத்தில் ஆடிட்டர் கட்டணம்கூட பாரம்தான். இரண்டு வருடம் கழித்து லாபத்தில் பழைய நஷ்டத்தைக் கழித்துக் காட்டும்போதுதான், கெடு கடந்த ரிட்டர்னின் நஷ்டம் என்று பெங்களூரிலுள்ள மையக் கணினி அதை நீக்கி, வரியும் வட்டியும் கேட்டு 143(1) அறிவிப்பு அனுப்பும். அப்போது ஓடி என்ன பயன்?

நம் ரிட்டர்ன் எந்த வகையில் சேர்ந்திருக்கிறது என்பதை அன்றே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. ரசீதில் எந்தப் பிரிவின் கீழ் தாக்கலானது என்று அச்சாகியிருக்கும். 139(1) என்றிருந்தால் கெடுவுக்குள், 139(4) என்றிருந்தால் தாமதம். அடுத்து ரிட்டர்னுக்குள் Schedule CFL என்ற அட்டவணையைத் திறந்து பாருங்கள். எந்த வருடத்து நஷ்டம், எவ்வளவு, அந்த ரிட்டர்ன் எந்தத் தேதியில் தாக்கலானது, அடுத்த வருடத்துக்கு எவ்வளவு போகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நஷ்டப்பட்டும் அந்த இடம் காலியாக இருந்தால் ரிட்டர்ன் போட்டவரிடம் காரணம் கேட்க வேண்டும். நஷ்டத்துக்கு ஐடிஆர்-3 படிவம் வேண்டும். உத்தேச லாபம் காட்டும் ஐடிஆர்-4இல் நஷ்டத்துக்கு இடமே இல்லை. ஆனால் பழக்கத்தில் வருடா வருடம் அதையே போட்டுவிடுவது சிறு வியாபாரிகளிடம் நடக்கிறது.

இன்னொரு பள்ளம் சரிபார்ப்பில் இருக்கிறது. கெடு நாளன்றே ரிட்டர்னை ஏற்றிவிட்டு, ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க மறந்துவிடுகிறார்கள். இப்போதைய விதிப்படி முப்பது நாளுக்குள் சரிபார்த்தால் ஏற்றிய தேதியே தாக்கல் தேதி. முப்பது நாள் தாண்டிச் சரிபார்த்தால் சரிபார்த்த நாள்தான் தாக்கல் தேதியாகும். ரிட்டர்ன் கெடுவுக்குள் ஏறியிருந்தாலும் நஷ்டம் போய்விடும்.

நிபந்தனை நஷ்ட வருடத்தின் ரிட்டர்னுக்குத்தான். லாப வருடத்தின் ரிட்டர்ன் தாமதமானாலும் பழைய நஷ்டத்தைக் கழிக்கும் உரிமை அதனால் போகாது. கெடுவுக்குள் போட்ட ரிட்டர்னில் நஷ்டத் தொகையைத் தவறாகக் குறித்திருந்தால், அனுமதிக்கப்பட்ட காலத்துக்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டுச் சரிசெய்யலாம். கணக்கு முழுதாக முடியவில்லை என்று காத்திருந்து கெடுவை விடுவதைவிட, கையிலிருக்கும் கணக்கோடு போட்டுவிட்டுத் திருத்துவது எவ்வளவோ மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ வணிகம் செய்து நஷ்டப்படும் சம்பளக்காரர்களுக்கும் இதே விதிதான். அது தொழில் நஷ்டம், சம்பளத்தில் கழியாது, கெடுவுக்குள் காட்டினால் எட்டு வருடம் நகரும். அன்றன்றைக்கே பங்கை வாங்கி விற்கும் இன்ட்ராடே நஷ்டம் ஊக வணிகம் என்ற வகையில் சேர்வதால் அதற்கு நான்கு வருடம்தான். அதுவும் ஊக லாபத்தில் மட்டுமே கழியும்.

2026 ஏப்ரல் முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. எட்டு வருடமும் கெடு நிபந்தனையும் தொடர்கின்றன. கெடு தேதி ஆளுக்கு ஆள், தணிக்கை உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும். அரசு நீட்டிப்பதும் உண்டு. ஆகவே போன வருடத்துத் தேதியை நம்பாமல் அந்தந்த வருடத்துக்கான தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. தாமதத்தை மன்னிக்கக் கோரி, பழைய சட்டத்தின் 119(2)(பி) பிரிவின் கீழ் மனுப் போடலாம். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 அக்டோபர் 1 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை முதன்மை ஆணையரோ ஆணையரோ முடிவு செய்யலாம். சம்பந்தப்பட்ட மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் மனு போக வேண்டும். மறந்துவிட்டேன் என்பது அங்கே எடுபடாது. உண்மையான இடர்ப்பாடு இருந்ததை மருத்துவமனைச் சீட்டு, இறப்புச் சான்று, வெள்ளத்தில் கணக்குகள் போனதற்கான ஆதாரம் என்று காட்ட வேண்டும். நஷ்டமும் மெய்யானது என்று பில்களோடு நிறுவ வேண்டும். ஊரடங்கு வருடத்தின் ரிட்டர்னைத் தாமதமாகப் போட்ட ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் அப்படிப்பட்ட ஆதாரம் இருந்தால், அவருக்கான கடைசி நாள் 2027 மார்ச் 31.