டுரியான் தோப்பில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பினாங்கில் பாசனம் எதற்கு என்று ஜார்ஜ் டவுன்வாசிகள் கேட்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்துவிடும். அப்போது பாலிக் புலாவ் டுரியான் தோப்புக்காரருக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது என்பதுதான் கவலை. அதை முடிவு செய்வது மண்.

பெருமழை ஓய்ந்ததும் மண்ணின் பெரிய துளைகளில் நின்ற நீர் ஒன்றிரண்டு நாளில் கீழே இறங்கிவிடும். சிறு துளைகளிலும் துகள்களின் மேலும் ஒட்டிக்கொண்டு நிற்கும் மிச்சத்துக்கு வயல் கொள்ளளவு என்று பெயர். வேர் உறிஞ்ச உறிஞ்ச, எஞ்சிய நீரை மண் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 15 மடங்கு இழுவிசை தேவைப்படும்போது பெரும்பாலான பயிர்கள் தோற்றுப்போகும். அதுதான் வாடல் புள்ளி. அப்போதும் மண்ணில் ஈரம் இருக்கும், வேருக்குத்தான் எட்டாது. ஒரே மண்ணில் வளர்ந்த வெவ்வேறு செடிகள் ஏறக்குறைய ஒரே ஈரநிலையில் வாடியதை அமெரிக்க ஆய்வாளர்கள் பிரிக்ஸும் ஷாண்ட்ஸும் 1912இல் பதிவு செய்தார்கள்.

வயல் கொள்ளளவுக்கும் வாடல் புள்ளிக்கும் இடைப்பட்ட நீர்தான் மரத்தின் கையிருப்பு. கருங்கல் சிதைந்து உண்டான மணற்பாங்கான களிமண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கையிருப்பு 100 மில்லிமீட்டர் என்று வைப்போம். நீர் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் அரை மீட்டரில் இருந்தால், கிடைப்பது 50. வாடும்வரை காத்திருக்கக் கூடாது. பாதி தீர்ந்ததும் தண்ணீர் விடுவது வழக்கம். அதாவது 25 மில்லிமீட்டர். வெயில் நாளில் மரமும் மண்ணும் சேர்ந்து 5 மில்லிமீட்டர் இழந்தால், ஐந்து நாளுக்கு ஒருமுறை. நான்கு மீட்டர் ஆரத்துக்குக் கிளை விரித்த மரத்தின் கீழ் சுமார் 50 சதுர மீட்டர் நிலம் இருக்கும். அதற்கு 1,250 லிட்டர். அதைத் தாண்டி விடும் நீர் வேருக்குக் கீழே இறங்கி வீணாகும், உரத்தையும் கூடவே கரைத்துக்கொண்டு போகும். கடலோர மணலில் கையிருப்பு இதில் பாதி என்றால், இரண்டரை நாளுக்கு ஒருமுறை பாதியளவு விட வேண்டும்.

இலையைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறலாம். நண்பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் வேலை. விடியற்காலையிலும் நிமிராவிட்டால்தான் ஆபத்து. முழங்கை ஆழத்துக்குத் தோண்டி ஒரு பிடி மண்ணை அழுத்திப் பார்ப்பது நல்லது. உருண்டை பிடித்தால் பொறுக்கலாம். தொட்டதும் உதிர்ந்தால் தாமதமாகிவிட்டது. மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து பம்ப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஆனால் டுரியான் பூக்க ஓரிரு வார வறட்சி வேண்டும். அந்த நாட்களில் பாதிக் கணக்கை வேண்டுமென்றே மீறி மண்ணைக் காயவிடுவார்கள். மொட்டு தெரிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தொடங்கும். காய்ந்து கிடந்த மண்ணை ஒரே நாளில் நிரப்பினால் பூவும் பிஞ்சும் கொட்டக்கூடும் என்பதால், கொள்ளளவுக்குத் திரும்பச் சில நாள் எடுத்துக்கொள்கிறார்கள்.