இடம், நேரம், இட்லி

தள்ளுவண்டிக் கடை போடப் போகிறேன் என்று யோசனை கேட்டு வருபவர்கள், எடுத்த எடுப்பில் பலகாரத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். "என் மனைவி பிரியாணி நல்லா செய்வா, அதையே போடலாம்னு இருக்கோம்." கைப்பக்குவம் பெரிய பலம்தான். ஆனால் நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு இறங்குபவர் அங்கிருந்து தொடங்கக் கூடாது. முதலில் இடம், பிறகு நேரம், கடைசியில்தான் பலகாரம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளே இருக்கும் கடைகளை மாநகராட்சியோ நகராட்சியோ ஏலம் விட்டுக் கொடுத்திருக்கும். நமக்கு வெளிச் சாலைதான். அதிலும் பஸ் உள்ளே நுழையும் வாசல் வேறு, ஆட்கள் நடந்து வெளியே வரும் வாசல் வேறு. பஸ் பிடிக்க ஓடுபவர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இறங்கி வெளியே வருபவர்தான் நிற்பார், அதிலும் இரவுப் பயணம் முடித்துப் பசியோடு வருபவர். ஆனாலும் அவர்களை நம்பிக் கடை நடக்காது. தினமும் வந்து சாப்பிடுபவர்கள் ஓட்டுநர், நடத்துநர், ஆட்டோக்காரர், சுமை தூக்குபவர், வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்தில் நிற்கும் கட்டடத் தொழிலாளர், கடைவீதியில் வேலை செய்யும் பெண்கள். இவர்கள் எந்த வழியாக நடக்கிறார்களோ அதுதான் உங்கள் இடம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, போய் நின்று எண்ணுவது. திங்கள், வெள்ளி, ஞாயிறு என்று மூன்று நாள் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். நடந்து போகிறவர்களை எண்ண வேண்டாம், அந்தக் கூட்டம் ஆளை ஏமாற்றும். நின்று சாப்பிடுகிறவர்களை மட்டும் அரை மணிக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் வண்டிகளில் சாப்பிட வந்தவர் காத்திருக்கிறாரா, கடைக்காரர் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். தட்டுக்காக ஆள் நிற்கிற இடத்தில் இன்னொரு வண்டிக்கு வேலை இருக்கிறது. கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அங்கே இல்லை.

இடத்தைப் பார்த்ததும் நேரம் தானாகவே புலப்படும். பஸ் ஸ்டாண்ட் ஓரத்துக் கடைகள் பெரும்பாலும் காலை ஒன்பதரை, பத்துக்குத்தான் ஷட்டரைத் தூக்கும். அதுவரை அந்த வாசல் சும்மா கிடக்கிறது. கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, ஆறரைக்கு வண்டியை நிறுத்தி, ஒன்பதரைக்குள் எடுத்துவிட்டு, தரையைக் கழுவிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பும் பழக்கம்தான் இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும்.

ஆபீஸ் பகுதியாக இருந்தால் கணக்கே வேறு. அங்கே பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை மதியச் சாப்பாடு, மாலையில் ஒரு மணி நேரம் வடை, பஜ்ஜி. சனி, ஞாயிறு காற்றாடும். மாதத்தில் 22 நாள் வியாபாரத்தை வைத்து 30 நாள் வீட்டுச் செலவைப் பார்க்க வேண்டும். அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு பஸ் ஸ்டாண்டின் காலை நேரமே பாதுகாப்பானது என்பேன்.

இப்போது பலகாரத்துக்கு வருவோம். காலையில் வருபவர் கையில் பத்து நிமிடம்தான் இருக்கும். தோசை ஊற்றி எடுக்கும் நேரத்தில் நாலு இட்லித் தட்டு போய்விடும். ஆகவே ஆரம்பத்தில் இட்லி, சாம்பார், ஒரு சட்னி, அவ்வளவு போதும். இட்லிக்கு இன்னொரு நன்மை உண்டு. வெந்த சோறு மிஞ்சினால் நஷ்டம். மாவு மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் வீட்டுத் தோசைக்காவது ஆகும். அதற்காகத்தான் மொத்தமாக அவிக்காமல், ஈடு ஈடாக அவிக்கச் சொல்கிறேன்.

ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விலை ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ இட்லி அரிசிக்கு ஒன்றேகால் கிலோ உளுந்து. சுமாராக 260 இட்லி வரும். அரிசியும் உளுந்தும் 400 ரூபாய். சாம்பாருக்குப் பருப்பு, காய், புளி எல்லாம் 300. சட்னிக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையும் 250. கேஸ் 120. இலை, தண்ணீர், மாவு அரைக்கும் செலவு 150. மொத்தம் 1,220. இட்லி எட்டு ரூபாய் என்றால் 2,080 வரும். கையில் நிற்பது 860.

இதில் 40 இட்லி மட்டும் விற்காமல் போனால் 320 ரூபாய் போய்விடும், மிச்சம் 540தான். செலவில் ஒரு பைசா குறையாது. லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடைசி ஈட்டில்தான் இருக்கிறது. அதனால் ஒன்பது மணிக்குப் பிறகு கூட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த தட்டில் மாவை ஊற்ற வேண்டும். ஒரு சின்ன நோட்டில் தினமும் எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று எழுதி வாருங்கள். எட்டரைக்கே இட்லி தீர்ந்தால் மாவைக் கூட்டுங்கள். சட்னி முந்தித் தீர்ந்தால் தேங்காயைக் கூட்டுங்கள். தேங்காய்ச் சட்னி வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், எனவே இரண்டு பாத்திரமாகப் பிரித்து, ஒன்றைத் திறக்காமல் குளிர்ச்சியாக வைத்திருங்கள். சாம்பார் அடுப்பில் கொதித்தபடியே இருக்கட்டும்.

முதலீட்டில் கைவைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. பத்து நாள் சாமான் வாங்கும் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் பழைய வண்டி, இட்லிக் கொப்பரை, அடுப்பு வாங்குங்கள். புது வண்டிக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, இரண்டு நாள் மழைக்குத் தண்டல்காரரிடம் போய் நிற்பவர்கள் பலர். தண்டலில் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் தவணை வந்து நிற்கும். அதைவிட, 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகராட்சி தரும் விற்பனைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் வங்கிக் கடன் கேளுங்கள். 2025இல் அதன் முதல் தவணைக் கடனை 15,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.

வண்டியில் வீட்டுச் சிவப்பு சிலிண்டர் கூடாது, வணிக சிலிண்டர்தான். தட்டில் பிளாஸ்டிக் தாள் விரிப்பது தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. வாழையிலைத் துண்டு போடுங்கள், தட்டும் சுத்தமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. பஸ் ஸ்டாண்டே இடம் மாறும். தென்மாவட்ட பஸ்கள் 2024 தொடக்கத்தில் கோயம்பேட்டை விட்டுக் கிளாம்பாக்கத்துக்குப் போனபோது, அவற்றை நம்பியிருந்த கூட்டமும் கூடவே போனது. எனவே யார் கேட்டாலும் தெருவோர இடத்துக்குப் பெரிய அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டிக்குச் சக்கரம் இருக்கிறது, பணத்தைத் தரையில் புதைக்க வேண்டாம்.