பூசாத செங்கல் சுவரில் கேபிள் ஓட்டுவது எப்படி? வயர் அளவும் கிளிப் அளவும் ஏன் வேறு வேறு?

எலக்ட்ரிகல் கடையில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு இது. “அண்ணே, ஒன்றரை எம்எம் கேபிள் பத்து மீட்டர் குடுங்க, அதுக்கு ஒன்றரை எம்எம் கிளிப்பும் ஒரு பாக்கெட் குடுங்க.” கடைக்காரர் சிரித்துக்கொண்டே 8 அல்லது 10 என்று எழுதிய பாக்கெட்டை எடுத்து வைப்பார். வாங்குபவர் ‘தப்பா குடுத்துட்டாரோ’ என்ற சந்தேகத்தோடே வீட்டுக்குப் போவார்.

கடைக்காரர் கொடுத்தது சரிதான். கேபிளில் சொல்லும் எண் வேறு, கிளிப்பில் சொல்லும் எண் வேறு. இரண்டையும் எம்எம் என்றே சொல்வதால்தான் இந்தக் குழப்பம். சுவரைப் பூசி மறைக்கும் வீட்டில் இதனால் பெரிய பாதிப்பு இல்லை, ஏனென்றால் அங்கே வயர் பைப்புக்குள் போய்விடும். களமருதூர், உளுந்தூர்பேட்டை பக்கம் பூசாமல் விட்ட செங்கல் சுவரும், முன்னால் தாழ்வாரத்துக்கு இரண்டு தூணும் உள்ள வீடுகளில் அப்படி இல்லை. அங்கே கேபிள் கண்ணுக்கு எதிரே ஓடும். தப்பு நடந்தால் பார்க்கவும் அசிங்கம், ஆபத்தும் உண்டு.

எண்கள் எதைக் குறிக்கின்றன?

கேபிளில் 1.5 என்பது உள்ளே இருக்கும் செம்புக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது 1.5 சதுர மில்லிமீட்டர். எவ்வளவு மின்சாரத்தைச் சூடாகாமல் தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. பழைய வயர்மேன்கள் இன்னமும் ‘மூணு இருபது’, ‘ஏழு இருபது’ என்பார்கள். 20 கேஜ் கம்பி மூன்று இழை, ஏழு இழை என்று அர்த்தம். ஏழு இருபதை இன்றைய 4 சதுர எம்எம்முக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

கிளிப்பில் 8, 10 என்பது வளைவுக்குள் உட்காரக்கூடிய கேபிளின் வெளிவிட்டம். செம்பு, அதன் மேல் இன்சுலேஷன், மூன்று கம்பியையும் சேர்த்து மூடும் வெளி உறை எல்லாம் சேர்ந்த தடிமன் அது. 1.5 சதுர எம்எம் மூன்று கோர் கேபிள் பொதுவாக 8 முதல் 9 மில்லிமீட்டர் தடிமன் வரும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் அளந்து வாங்குவதே நல்லது.

அளக்கக் கருவி வேண்டாம். ஒரு காகிதத் துண்டைக் கேபிளைச் சுற்றி ஒரே சுற்று சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் குறியுங்கள். விரித்து ஸ்கேலில் பார்த்தால் 27 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 3.14-ஆல் வகுத்தால் 8.6. அப்போது 9 எம்எம் கிளிப், அது இல்லையென்றால் 10. எட்டை வாங்கி அடித்து நுழைத்தால் உறை நசுங்கும். 12-ஐ வாங்கினால் கேபிள் தொளதொளவென்று கிடந்து, ஆறு மாதத்தில் தொய்ந்துவிடும்.

எந்தக் கேபிளை வெளியே ஓட்டலாம்?

பைப்புக்குள் இழுக்கும் சாதாரண வீட்டு வயரைக் கிளிப் போட்டுச் சுவரில் ஓட்டக் கூடாது. அதில் செம்புக்கு மேல் ஒரே ஒரு அடுக்கு இன்சுலேஷன்தான். செங்கல்லின் சொரசொரப்பில் உரசினாலோ, எலி ஒரு கடி கடித்தாலோ செம்பு வெளியே வந்துவிடும். சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றையும் சேர்த்து முறுக்கி ஒரே கிளிப்பில் அடிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். செலவு மிச்சம்தான், ஆனால் பாதுகாப்பு இல்லை.

வாங்க வேண்டியது வெளி உறையோடு கூடிய மூன்று கோர் கேபிள். மேலே IS 694 என்றும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது கோர் எர்த். ‘லைட்டுக்கு எதுக்குங்க எர்த்து, ரெண்டு கோர் போதும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தாழ்வாரத்து பிளக் பாயின்ட்டில் நாளை ஒரு இரும்பு மேசை விசிறியோ இஸ்திரிப் பெட்டியோ மாட்டப் போகிறீர்கள்.

வெயில் படும் சுவர் என்றால் கறுப்பு உறை. வெள்ளை பிவிசி வெயிலில் மஞ்சளாகி, பிறகு வெடிக்கும்.

ஒரு தாழ்வாரக் கணக்கு

இப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். போர்டு வாசல் கதவுக்கு உள்பக்கம். அங்கிருந்து கேபிள் வெளியே வந்து, லிண்டலுக்கு மேலே செங்கல் சுவரில் 8 மீட்டர் ஓடி, கான்கிரீட் தூணில் 2 மீட்டர் இறங்குகிறது. தூணில் ஒரு பல்பு, ஒரு 6 ஆம்பியர் பிளக் பாயின்ட். தாழ்வாரத்தில் ஒரு ஃபேன், இன்னொரு பல்பு.

ஃபேன் 75 வாட், இரண்டு எல்இடி பல்பும் சேர்த்து 20 வாட்டுக்குள். இரண்டையும் கூட்டினால் அரை ஆம்பியர்கூட வராது. பிளக்கில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி மாட்டினால் இன்னொரு 4.3 ஆம்பியர். மொத்தம் 5 ஆம்பியருக்குள்தான். இதற்கு 1.5 சதுர எம்எம் தாராளம். ஆனால் அதன் தலையில் உட்காரும் எம்சிபி 10 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. கேபிளைக் காப்பாற்றுவதே எம்சிபியின் வேலை. ‘அடிக்கடி டிரிப் ஆகுதே’ என்று 32 ஆம்பியர் எம்சிபியை மாற்றிவிட்டால், டிரிப் ஆக வேண்டிய நேரத்தில் கேபிள்தான் சூடாகும். மேற்குப் பார்த்த செங்கல் சுவர் சித்திரை வெயிலில் காற்றை விடவும் சூடாக இருக்கும் என்பதால், கேபிள் அட்டவணையில் போட்டிருக்கும் ஆம்பியரை முழுசாக நம்பிச் சுமை ஏற்றவும் கூடாது.

மோட்டார் என்றால் கதை வேறு. அதே வீட்டில் 30 மீட்டர் தள்ளிக் கிணற்றடியில் ஒரு 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் இருக்கிறது. ஓடும்போது சுமார் 7 ஆம்பியர்தான் இழுக்கும். ‘1.5 போதுமே’ என்று தோன்றும். ஆனால் கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு, அதாவது 35 ஆம்பியர் வரை இழுக்கும். போக வர 60 மீட்டர் செம்பின் தடை 1.5-ல் சுமார் 0.8 ஓம். 35-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 28 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5-ல் இது 17 வோல்ட், 4-ல் 10 வோல்ட்.

230 வோல்ட் முழுசாக வரும் இடத்தில் இது பெரிய விஷயமில்லை. சாயங்காலம் 200 வோல்ட்தான் வருகிறது என்றால், 1.5 கேபிளின் முனையில் 172, 4 கேபிளின் முனையில் 190. மோட்டாரின் கிளம்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இந்த 18 வோல்ட் வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு விசை குறையும். மோட்டார் ‘ஊம்...’ என்று உறுமிக்கொண்டே சுற்றாமல் நிற்பதற்கும், காயில் கருகுவதற்கும் கெபாசிட்டரை மட்டும் குறை சொல்வோம். கேபிளை யாரும் பார்ப்பதில்லை. இந்த வீட்டுக்கு மோட்டார் லைனில் 4 போடுவதே என் கணக்கு. காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செங்கல்லில் ஆணி எங்கே?

இதில்தான் வேலையின் அழகு இருக்கிறது. கிளிப்போடு வரும் எஃகு ஆணியைச் செங்கல்லின் நடுவில் அடித்தால், நாட்டுச் செங்கல்லாக இருந்தால் சில்லு பெயரும், நன்கு வெந்த கல்லாக இருந்தால் ஆணி வளையும். ஆணி போக வேண்டிய இடம் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சிமென்ட் கலவை.

படுக்கையாக ஓடும் 8 மீட்டருக்கு ஒரே ஒரு படுக்கை இணைப்பைத் தேர்ந்தெடுத்து, கேபிளை அதன் மேலேயே ஓட்டுங்கள். இணைப்பு சுமார் 10 மில்லிமீட்டர், கேபிள் 9 மில்லிமீட்டர். கேபிள் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், இரண்டடி தள்ளி நின்றால் கண்ணில் படாது. ஆணி கேபிளுக்குக் கீழ்ப்பக்கம் வரட்டும், அப்போது கேபிளின் எடை ஆணி மேல் உட்காரும்.

இடைவெளிக்கு பிரிட்டன் வயரிங் கையேடுகளில் உள்ள அளவு இங்கேயும் ஒத்துவரும். 9 மில்லிமீட்டர் வரையுள்ள கேபிளுக்குப் படுக்கையில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப், நெடுக்கில் 40 சென்டிமீட்டருக்கு ஒன்று. 8 மீட்டருக்கு 33 கிளிப் வரும். சுவரில் நெடுக்காக இறங்கும் இடத்தில் சென்டிமீட்டர் அளக்கவே வேண்டாம், நாலு வரிசைக் கல்லுக்கு ஒரு கிளிப் என்று எண்ணினால் போதும். ஒரு வரிசை கலவையோடு சேர்த்து எட்டரை, ஒன்பது சென்டிமீட்டர் வரும் என்பதால் 36-க்குள் அடங்கிவிடும்.

கலவையை முதலில் ஒரு ஆணியால் சுரண்டிப் பாருங்கள். மாவாகக் கொட்டினால் அது சுண்ணாம்போ மண் கலவையோதான், கிளிப் ஆணி நிற்காது. அங்கே துளை போட்டு பிளாஸ்டிக் பிளக் இறக்கி, ஸ்க்ரூ வைத்த சாடில் மாட்ட வேண்டும்.

தூணில் ஆணி வேண்டாம்

கான்கிரீட் தூணில் கிளிப் ஆணியை அடித்தால் பாதி வளையும், மீதி தெறிக்கும். கண்ணில் பட்டால் அவ்வளவுதான். ஹேமர் டிரில்லில் 6 எம்எம் பிட் போட்டு 30 மில்லிமீட்டர் ஆழம் துளைத்து, பிளக், ஸ்க்ரூ, சாடில். தூணில் கம்பிக்கு மேல் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்று IS 456 சொல்கிறது. ஆழம் தெரிய பிட்டில் 30 மில்லிமீட்டரில் ஒரு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே பிட் கம்பியில் முட்டி நின்றால் அழுத்தாமல் இரண்டு விரல் தள்ளித் துளையுங்கள்.

தூணின் முகத்தில் நடுவில் ஓட்டாமல், வீட்டுப் பக்கம் பார்த்த மூலையை ஒட்டி, விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் உள்ளே தூக்குக்குண்டு விட்டுக் கோடு போடுங்கள். சுவரிலிருந்து தூணுக்குத் திரும்பும் இடத்தில் கேபிளை மடக்கக் கூடாது. 9 மில்லிமீட்டர் கேபிளுக்கு 4 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளைத்து, வளைவின் இரு பக்கமும் 5 சென்டிமீட்டரில் ஒவ்வொரு கிளிப். ஒரு சின்ன விஷயம்: சுருளிலிருந்து கேபிளைப் பக்கவாட்டில் உருவினால் முறுக்கு ஏறி, எத்தனை கிளிப் அடித்தாலும் பாம்பு மாதிரி நெளியும். சக்கரம் போல உருட்டி விரித்தால் நேராக வரும்.

கேபிள் சுவரைத் துளைத்து வெளியே வரும் ஓட்டை வெளிப்பக்கம் சாய்வாக இருக்க வேண்டும். வெளியே வந்ததும் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், போர்டுக்குள் போகாது.

முடித்த பிறகு

போர்டு இணைப்பை வயர்மேன் சான்று உள்ளவரிடம் விடுங்கள். மெயினை நிறுத்தாமல் யாரும் கை வைக்க வேண்டாம். எல்லாம் முடிந்ததும் பிளக்கில் இஸ்திரிப் பெட்டியை அரை மணி நேரம் ஓட்டி, கேபிளின் வெளி உறையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நிழலில் இருக்கும் பகுதி லேசான வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. கேபிள் குளிர்ந்திருந்து பிளக் பாயின்ட்டின் முகம் மட்டும் சுட்டால், உள்ளே ஸ்க்ரூ லூஸ். மெயினை நிறுத்தி, இறுக்கிவிட்டு, மறுபடி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.