12 சதவீத உயர்வில் பாதி எங்கிருந்து வந்தது?

2025 ஜனவரி 9-ம் தேதி மாலை டி.சி.எஸ். நிறுவனம் டிசம்பர் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. நிகர லாபம் 12,380 கோடி ரூபாய். முந்தைய ஆண்டின் இதே காலாண்டில் அது 11,058 கோடி. கணக்குப் போட்டால் 12 சதவீத உயர்வு. செய்திகளின் தலைப்பிலும் இந்த எண்தான் வந்தது.

அதே அறிக்கையில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன. வருவாய் 63,973 கோடி, இது 5.6 சதவீதம்தான் கூடியிருந்தது. செயல்பாட்டு லாப விகிதம், அதாவது ஆப்பரேட்டிங் மார்ஜின், ஓராண்டுக்கு முன் 25 சதவீதமாக இருந்து இப்போது 24.5 ஆகக் குறைந்திருந்தது. விற்பனை ஐந்தரை சதவீதம் கூடுகிறது, ஒவ்வொரு நூறு ரூபாய் விற்பனையிலும் மிஞ்சுவது முன்பைவிடக் குறைகிறது, ஆனால் லாபம் மட்டும் 12 சதவீதம் ஏறுகிறது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. காலாண்டு முடிவுகளைப் படிக்கும் எவரும் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

செயல்பாட்டு லாபம் என்பது வருவாயிலிருந்து சம்பளம், துணை ஒப்பந்தச் செலவு, வாடகை, தேய்மானம் போன்ற தொழில் நடத்தும் செலவுகளைக் கழித்தபின் நிற்பது. வட்டி வருமானமும் வரியும் அதற்குப் பிறகே கணக்கில் வரும். 63,973 கோடியில் 24.5 சதவீதம் என்றால் சுமார் 15,660 கோடி. முந்தைய ஆண்டு வருவாய் 60,583 கோடி. அதில் 25 சதவீதம் சுமார் 15,150 கோடி. ஆக, தொழிலிலிருந்து வந்த லாபம் உயர்ந்தது மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு. மீதி உயர்வு இந்த வரிக்குக் கீழே எங்கோ ஒளிந்திருக்கிறது.

அதைத் தேட 2025-ன் எண்களைப் பார்த்துப் பயனில்லை, ஒப்பிட எடுத்துக்கொண்ட பழைய காலாண்டைப் பார்க்க வேண்டும். பங்குச் சந்தைக்கு நிறுவனங்கள் அனுப்பும் முடிவு அட்டவணையில் இந்தக் காலாண்டு, இதற்கு முந்தைய காலாண்டு, சென்ற ஆண்டின் இதே காலாண்டு என்று எண்கள் பக்கம் பக்கமாக நிற்கும். டி.சி.எஸ். அட்டவணையில் 2023 டிசம்பர் காலாண்டின் பத்தியில், வரிக்கு முந்தைய லாபத்துக்குச் சற்று மேலே ஒரு தனி வரி உண்டு: சட்ட வழக்குத் தீர்வுக்காக 958 கோடி ரூபாய்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த எபிக் சிஸ்டம்ஸ் என்ற மருத்துவ மென்பொருள் நிறுவனம், தன் வணிக ரகசியங்களை டி.சி.எஸ். எடுத்துக்கொண்டதாக 2014-ல் வழக்குத் தொடுத்தது. 2016-ல் ஜூரி 94 கோடி டாலர் தரச் சொன்னது. மேல்முறையீடுகளில் தொகை படிப்படியாகக் குறைந்தது. 2023 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி.சி.எஸ். மனுவை ஏற்க மறுக்கவே, நிறுவனம் 12.5 கோடி டாலரை, அதாவது அந்த 958 கோடி ரூபாயை, அந்தக் காலாண்டிலேயே செலவாக எழுதியது. அந்த மூன்று மாத வியாபாரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஒன்பது ஆண்டுப் பழைய விவகாரம் அந்தக் காலாண்டின் தலையில் விழுந்தது, அவ்வளவுதான்.

அப்படி விழுந்ததால் அந்தக் காலாண்டின் லாபம் 11,058 கோடியாகத் தாழ்ந்தது. அந்தச் செலவு இல்லாவிட்டால் 11,735 கோடி என்று நிறுவனமே அப்போது சொன்னது. இப்போது 12,380 கோடியை 11,735 கோடியோடு ஒப்பிட்டால் உயர்வு ஐந்தரை சதவீதம். தலைப்பில் வந்த 12 சதவீதத்தில் பாதிக்கு மேல், சென்ற ஆண்டு எண் பள்ளத்தில் கிடந்ததால் வந்தது. மூன்றரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் உள்ள இடைவெளியில், முதலீடுகளிலிருந்து வரும் இதர வருமானம் கூடியதற்குப் பெரும்பங்கு உண்டு.

ஒருமுறைச் செலவு இப்படி இரண்டு முறை கண்ணை ஏமாற்றுகிறது. வந்த ஆண்டில் நல்ல காலாண்டை மோசமாகக் காட்டும். மறு ஆண்டில் சுமாரான காலாண்டை அருமையாகக் காட்டும். முதல் ஏமாற்றத்தை நிறுவனங்கள் தாமே விரைந்து விளக்கிவிடும், ஏனென்றால் அது அவர்களுக்குச் சாதகம். இரண்டாவதை வாசகர்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் ‘ஒருமுறை’ என்று எழுதியிருப்பதையெல்லாம் அப்படியே கழித்துவிடுவதும் சரியல்ல. இதே எபிக் வழக்குக்காக 2020 செப்டம்பர் காலாண்டிலும் டி.சி.எஸ். 1,218 கோடி ரூபாயைத் தனி வரியில் எழுதியிருந்தது. ஆட்குறைப்பு உள்ளிட்ட மறுசீரமைப்புக்காக 2025 செப்டம்பர் காலாண்டில் இன்னொரு 1,135 கோடி. அறிவிக்கும் 25 சதவீத மார்ஜின் இவற்றையெல்லாம் சேர்க்காத மார்ஜின். அந்த 958 கோடியைச் சேர்த்துப் பார்த்தால் 2023 டிசம்பர் காலாண்டின் விகிதம் 23.4 ஆகிவிடும். இப்படிப்பட்ட வரிகள் ஐந்தாறு ஆண்டுகளில் எத்தனை முறை வந்தன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. அடிக்கடி வருமானால் அது அந்த நிறுவனத்தின் வழக்கமான செலவு. பங்குதாரரின் பணம்தான் போயிருக்கிறது.

வருவாய் வளர்ச்சிக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். 2024 டிசம்பர் காலாண்டின் 5.6 சதவீதத்தில் நாணய மாற்று விகித ஏற்ற இறக்கத்தை நீக்கினால் 4.5 சதவீதம். அதிலும் டி.சி.எஸ்.ஸின் மிகப் பெரிய சந்தையான வட அமெரிக்கா 2.3 சதவீதம் சுருங்கியிருந்தது. இந்தியா மட்டும் 70 சதவீதம் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலின் பெரும் காரணம் பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி வலையமைப்பை நாடெங்கும் நிறுவும், சுமார் 15,000 கோடி ரூபாய் ஒப்பந்தம். கருவி வாங்கிப் பொருத்தும் வேலை அது. மென்பொருள் சேவை போல ஆண்டுதோறும் தொடர்வதல்ல, மிஞ்சுவதும் குறைவு. வேலை முடியும் கட்டத்தை நெருங்கியதும், 2025 ஜூன் காலாண்டில், இந்திய வருவாய் 21.7 சதவீதம் சரிந்தது. நாணய விளைவை நீக்கிய மொத்த வருவாயும் 3.1 சதவீதம் இறங்கியது. இந்த ஒப்பந்தத்துக்கு அட்டவணையில் தனி வரி கிடையாது. நாடுவாரி வளர்ச்சியைத் தரும் செய்திக்குறிப்பில்தான் அதன் தடம் தெரியும்.

செலவுக்குப் பதில் ஒருமுறை வரவு வந்தால் எல்லாம் தலைகீழாகும். ஐ.டி.சி. தன் ஓட்டல் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரித்தபோது, 2025 மார்ச் காலாண்டில் சுமார் 15,180 கோடி ரூபாய் கணக்கு லாபமாக ஏறியது. தனிநிறுவன நிகர லாபம் 19,562 கோடி. முந்தைய ஆண்டோ சுமார் 5,020 கோடி. ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆனால் சிகரெட், பிஸ்கட், காகிதம் என்று தொடரும் தொழில்களிலிருந்து வந்தது 4,875 கோடிதான். அது முந்தைய ஆண்டைவிட ஒரு சதவீதம்கூட உயரவில்லை. 15,180 கோடியில் ரொக்கமாக எதுவும் உள்ளே வரவில்லை, பிரித்துக் கொடுத்த தொழிலின் மதிப்பு ஏட்டில் ஏறியது மட்டுமே. அந்த எண்ணை அப்படியே அடிப்படையாக வைத்து அடுத்த மார்ச் காலாண்டை ஒப்பிடுபவருக்கு, தொழில் அசையாமல் நின்றாலும் லாபம் நான்கில் ஒரு பங்காகச் சரிந்ததாகத் தெரியும்.