நேராகப் போகாத படகும் சரியான கணக்கும்

காவிரியில் தமிழகத்துக்கு வரும் நீரை அளக்கும் இடம் பிலிகுண்டுலு. மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் அங்கே இருக்கிறது. வழக்கமான மழை பெய்யும் ஆண்டில் கர்நாடகம் 177.25 டிஎம்சி நீரை அந்த இடத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி ஆகும். ஆகவே இரண்டு மாநிலங்களின் வழக்கும் கடைசியில் ‘வினாடிக்கு இத்தனை கன அடி’ என்ற எண்ணில்தான் வந்து நிற்கிறது. ஓடுகிற ஆற்றில் இந்த எண்ணை எப்படிப் பிடிப்பது?

கேள்வியைக் கொஞ்சம் எளிமையாக்கிக்கொள்ளலாம். ஆற்றை மேலிருந்து பார்த்தால் ஒரு தட்டையான படம் தெரியும். அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நீர் ஒரு திசையில், ஒரு வேகத்தில் போகிறது. புள்ளிக்கொரு அம்புக்குறி போட்டால் கிடைப்பது ஒரு வெக்டர் புலம். இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரு கோடு இழுத்து, அதை வினாடிக்கு எவ்வளவு நீர் தாண்டுகிறது என்று கேட்டால், அந்த அளவுக்குக் கணிதத்தில் பாயம் என்று பெயர்.

வேகத்தைக் கோட்டின் நீளத்தால் பெருக்கினால் பாயம் வந்துவிடாது. மீன் வலையை ஓட்டத்துக்குக் குறுக்கே விரித்தால் வலையின் முழு அகலத்திலும் நீர் புகுந்து போகும். அதே வலையை ஓட்டத்தின் போக்கிலேயே நீட்டிப் பிடித்தால், நீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வலையை உரசிக்கொண்டு போகுமே தவிர உள்ளே புகாது. எனவே கணக்கில் சேர வேண்டியது வேகத்தின் ஒரு பகுதி மட்டும்தான்: கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் திசையில் உள்ள பகுதி. அந்தத் திசையைக் காட்டும், ஒரு அலகு நீளமுள்ள அம்புக்குறிதான் செங்கோடு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 மீட்டர் அகலமுள்ள ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. ஆழம் எங்கும் 2 மீட்டர், நீரின் வேகம் எங்கும் வினாடிக்கு 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தென்கரையிலிருந்து வடகரைக்கு நேர்க்குறுக்காகக் கோடு இழுத்தால் வேலை சுலபம். 1.5 × 2 × 100 = 300. அதாவது வினாடிக்கு 300 கன மீட்டர்.

இப்போது கோட்டைச் சாய்த்துவிடலாம். வடகரையைத் தொடும்போது அது 75 மீட்டர் கீழே போய் முடிகிறது. கோட்டின் நீளம் 125 மீட்டர் ஆகிவிடுகிறது. யோசிக்காமல் பெருக்கினால் 375 வரும். ஆற்றில் இல்லாத நீர் 75 கன மீட்டர் ஏட்டில் ஏறிவிடும். செங்கோட்டைக் கவனித்தால் தவறு பிடிபடும். சாய்ந்த கோட்டின் செங்கோடு நீரோட்டத்தின் திசையில் இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைன் 100/125, அதாவது 0.8. அதையும் சேர்த்துப் பெருக்கினால் 375 × 0.8 = 300. ஆற்றுக்குச் சாய்வாகக் கட்டிய பாலத்தில் நின்று வேகமானியை இறக்கி அளப்பவர்கள் ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கோணத் திருத்தத்தைப் போட்டாக வேண்டும்.

பாலமாவது அசையாமல் நிற்கும். படகு அப்படியில்லை. பெரிய ஆறுகளில் இன்று படகின் பக்கவாட்டில் ஒலிக் கருவி ஒன்றைப் பொருத்தி, கரைக்குக் கரை ஓட்டியபடியே நீரை அளக்கிறார்கள். கருவி ஒலித் துடிப்புகளை நீருக்குள் அனுப்புகிறது. நீரோடு போகும் நுண்துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறியிருக்கும். அந்த டாப்ளர் மாற்றத்திலிருந்து வெவ்வேறு ஆழங்களில் நீரின் வேகமும் திசையும் தெரிகின்றன. ஆற்றின் அடியில் பட்டுத் திரும்பும் ஒலி, படகு தரையைப் பொறுத்து எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்லிவிடும். ஆழமும் அதிலேயே கிடைத்துவிடும்.

இங்கேதான் செங்கோட்டின் கணிதம் படகோட்டியைக் காப்பாற்றுகிறது. படகின் வேகத்தில் கிழக்குப் பகுதியை a என்றும் வடக்குப் பகுதியை b என்றும் கொள்வோம். நீரின் வேகத்தில் அவை u, v. படகு போகும் திசையை வலப்பக்கமாக 90 பாகை திருப்பினால் அதன் பாதைக்குச் செங்குத்தான திசை கிடைக்கும். (a, b) என்பது (b, −a) ஆகிவிடும். நீரின் வேகத்தை இதோடு பெருக்கிக் கூட்டினால் வருவது ub − va. பாடப்புத்தகங்களில் `∫ P dy − Q dx` என்று எழுதப்படும் பாயத் தொகையீட்டை வினாடி வினாடியாக நறுக்கியது இது. கோணத்தைத் தனியாக அளக்க வேண்டாம், கொசைன் தேட வேண்டாம், பாதையின் நீளத்தைக்கூட அளக்க வேண்டாம்.

நம் ஆற்றில் படகை (0.6, 0.8) என்ற வேகத்தில் ஓட்டிப் பார்ப்போம். நீரின் வேகம் (1.5, 0). ub − va என்பது 1.5 × 0.8 = 1.2. ஆழமான 2 மீட்டரால் பெருக்கினால் 2.4. ஒவ்வொரு வினாடிப் பயணமும் மொத்தத்தில் 2.4 கன மீட்டரைச் சேர்க்கிறது. வடகரைக்குப் போய்ச் சேர 125 வினாடி ஆகும். 125 × 2.4 = 300.

நடு ஆற்றில் மிதந்து வரும் மரத்துண்டுக்கு வழிவிட்டு, படகு 20 வினாடி நேராக மேற்கே, ஓட்டத்தை எதிர்த்துப் போகிறது என்றால்? அப்போது b பூஜ்யம், v-யும் பூஜ்யம். அந்த 20 வினாடிகள் கணக்கில் எதையும் சேர்க்காது. புறப்பட்ட கரையை நோக்கிக் கொஞ்சம் பின்வாங்கினால் b எதிர்க்குறியாகிவிடும். ஏற்கெனவே கடந்த தூரத்துக்கு எண்ணிய நீர் கழிந்துவிடும்; மீண்டும் முன்னேறும்போது அது திரும்பச் சேரும். இரட்டைக் கணக்கு விழாது.

பாதை எப்படி வளைந்தாலும் விடை மாறாமல் இருப்பதற்குக் காரணத்தை ஒரு மூடிய வளைவில் பார்க்கலாம். கரையிலிருந்து கரைக்குப் போகும் திறந்த கோட்டுக்கு உள்ளே, வெளியே என்று எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் போவதைக் கூட்டல் என்று வைப்பது நம் விருப்பம். கோடு மூடி வளையமாகிவிட்டால் உள்ளும் புறமும் பிறந்துவிடுகின்றன. அப்போது செங்கோட்டை எங்கும் வெளிநோக்கியே வைப்பது வழக்கம். வளையத்தைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி வந்தால், முன்பு போல வலப்பக்கம் திருப்பினாலே வெளிநோக்கிய செங்கோடு கிடைத்துவிடும். வெளியேறும் நீர் கூட்டலாகவும் உள்ளே வரும் நீர் கழித்தலாகவும் தானே பதிவாகும்.

நேர்க்கோடு, வளைந்த பாதை, இடையிலுள்ள கரைத்துண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு வளையம் ஆகின்றன. கரையில் நீர் கரையை ஒட்டியே ஓடுவதால் அங்கே பாயம் பூஜ்யம். வளையத்துக்குள் ஊற்றோ உறிஞ்சுகுழியோ இல்லாமல், நீர்மட்டமும் மாறாமல் இருந்தால், நேர்க்கோட்டின் வழியே நுழைந்த அத்தனையும் வளைந்த பாதையின் வழியே வெளியேறியாக வேண்டும். இந்த நிபந்தனைகளை மறக்கக் கூடாது. வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அளந்தால் இரண்டு கோடுகளும் ஒரே விடையைத் தரா.

இதே வளையத்தைத் துப்பறியவும் பயன்படுத்தலாம். பவானி கூடுதுறையில் காவிரியோடு பவானி கலக்கிறது. அப்படியொரு சங்கமத்தைச் சுற்றி வளையம் போட்டு, பேச்சுக்கு, ஓர் ஆற்றில் 120, மற்றொன்றில் 80 கன மீட்டர் உள்ளே வருகிறது, 197 வெளியேறுகிறது என்போம். வெளிநோக்கிய பாயத்தின் கூட்டல் 197 − 120 − 80 = −3. மூன்று கன மீட்டர் உள்ளேயே நின்றுவிட்டது: நீர்மட்டம் ஏறியிருக்கலாம், யாரோ இறைத்திருக்கலாம், நிலத்துக்குள் இறங்கியிருக்கலாம். ஆனால் 200-இல் 3 என்பது ஒன்றரை சதவீதம்தான். ஆற்று அளவையில் ஒரு சில சதவீதப் பிழை சாதாரணம் என்பதால், இந்த மூன்றை வைத்து யார்மீதும் பழி போட முடியாது.

படகு முறைக்கும் சில பலவீனங்கள் உண்டு. கருவிக்கு நேர்கீழே சில அங்குல நீரும், அடித்தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கும், படகு போக முடியாத கரையோர ஆழமற்ற பகுதியும் அளவில் சிக்குவதில்லை. அவற்றை அளந்த பகுதியின் போக்கைக்கொண்டு ஊகித்துச் சேர்க்கிறார்கள். இதைவிட ஏமாற்றுவது, அடியில் நகரும் மணல்.

வெள்ள காலத்தில் ஆற்றின் அடிமணலும் நீரோடு சேர்ந்து நகரும். கருவியோ அடித்தரை அசையாது என்று நம்பித்தான் படகின் வேகத்தைச் சொல்கிறது. மணல் வினாடிக்கு 0.1 மீட்டர் கிழக்கே நகர்ந்தால், கருவிக்கு நீரின் வேகம் 1.5-க்குப் பதில் 1.4 என்று தெரியும். படகின் கிழக்கு வேகமும் 0.6-க்குப் பதில் 0.5 என்று தெரியும். வினாடிக்குச் சேருவது 1.4 × 0.8 × 2 = 2.24. மொத்தம் 280. ஆற்றில் ஓடும் 20 கன மீட்டர் ஏட்டில் காணாமல் போய்விடுகிறது. திரும்பி வரும்போது அளந்தாலும், குறி மாறுமே தவிர அதே 280-தான் வரும். போக வர அளந்து சராசரி எடுப்பதால் இந்தப் பிழை போகாது.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தார் வளையச் சோதனையைச் செய்கிறார்கள். புறப்பட்ட புள்ளிக்கே, மிதவை கட்டி அடையாளம் வைத்த அதே இடத்துக்கே, படகைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். தரை அசையாமல் இருந்தால் திரையில் தெரியும் பாதையும் மூடிக்கொள்ளும். மணல் நகர்ந்திருந்தால், படகு புறப்பட்ட இடத்துக்கு மேலே, ஓட்டத்துக்கு எதிர்ப்புறம் போய் நின்றதாகத் திரை காட்டும்.

நம் ஆற்றில் போக 125, வர 125 வினாடி. மணலின் வேகத்தால் பாதை 25 மீட்டர் மேற்கே விலகி முடியும். 25-ஐ 250 வினாடியால் வகுத்தால் மணலின் வேகம் 0.1. ஆற்றின் குறுக்குப் பரப்பு 200 சதுர மீட்டர், பெருக்கினால் 20. விட்டுப்போன 20 திரும்பக் கிடைக்க, 280 என்பது 300 ஆகிறது. ஆனால் கருவியின் திசைகாட்டி பிசகியிருந்தால், மணல் நகராத ஆற்றிலும் பாதை மூடாமல் போகும். அதனால் படகை அவிழ்ப்பதற்கு முன்பே திசைகாட்டியைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். படகின் வேகத்தை ஜிபிஎஸ் மூலம் எடுத்தால் மணல் ஒரு பொருட்டில்லை. பாலத்தின் அடியிலும் கரையோர மரங்களின் கீழும் சமிக்ஞை தடைபடும்போது மட்டும் வளையச் சோதனைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.